வீடியோவுக்குக் கீழே எழுத வேண்டியது

உத்திரமேரூர் குடவோலை முறையைப் பற்றி ஒருவர் பத்து நிமிட வீடியோ போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சபை வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறவருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும் என்று அதில் சொல்கிறார். மறுநாளே ஒருவர் கேட்கிறார்: "நான் படித்த புத்தகத்தில் 30 முதல் 60 என்று இருக்கிறதே, எது சரி?" இரண்டுமே சரி. அங்கே இருப்பவை இரண்டு கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல் வெட்டியது ஒன்று. 14ஆம் ஆண்டில், 921இல், விதிகளைத் திருத்தி வெட்டியது இன்னொன்று. 30 முதல் 60 என்பது முன்னதில் இருக்கிறது, 35 முதல் 70 என்பது பின்னதில் இருக்கிறது.

வீடியோ போட்டவருக்கு இது தெரிந்தே இருக்கலாம். பேச்சின் ஓட்டத்தில் எந்தக் கல்வெட்டு என்று சொல்ல இடம் வாய்த்திருக்காது. அந்த இடத்தைத் தருவதுதான் வீடியோவுக்குக் கீழே இருக்கும் விவரப்பகுதி. "இந்த வீடியோவில் சொல்லும் வயது வரம்பு 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் உள்ளது; 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் அது 30 முதல் 60" என்று ஒரு வரி அங்கே இருந்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் முன்பே கிடைத்திருக்கும். பலர் அந்தப் பகுதியில் தலைப்பையே இன்னொரு முறை ஒட்டிவிட்டு, கீழே இருபது ஹேஷ்டேக் போட்டு முடித்துவிடுகிறார்கள். பார்க்கிறவருக்கு அதில் எதுவும் கிடைப்பதில்லை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நாம் எழுதும் விவரம் முழுவதும் உடனே கண்ணில் படாது. முதல் ஓரிரு வரிகளே தெரியும், மீதியைப் படிக்கத் தொட்டுத் திறக்க வேண்டும். ஆகவே அந்த முதல் வரிகளில் இருக்க வேண்டியது பின்னணி. "எங்கள் சேனலுக்கு ஆதரவு தாருங்கள்" என்று அங்கே எழுதினால், வீடியோ எதைப் பற்றியது என்று தேடி வந்தவருக்கு ஒன்றும் தெரியாமல் போகும். இந்த வீடியோவுக்கு நான் இப்படித் தொடங்குவேன்: "காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிலில் உள்ள இரண்டு சோழர் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதியைச் சொல்கின்றன. இந்த வீடியோ இரண்டாவதைப் படிக்கிறது." இடம், காலம், மூலம், வீடியோவின் எல்லை ஆகிய நான்கும் இரண்டு வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

அடுத்து, வீடியோவில் சொல்லாமல் விட்டதையும் விவரத்தில் சொல்ல வேண்டும். பின்னணி தருவதில் கடினமான வேலை இதுதான் என்பது என் எண்ணம். குடவோலையை "உலகின் முதல் ஜனநாயகம்" என்று தலைப்பிட்டுவிடுவது எளிது. ஆனால் உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அந்தச் சபை பிராமணர்களின் சபை. பெயர் எழுதப்படுவதற்கே வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் கேட்கப்பட்டன. 30 குடும்புகளாக ஊரைப் பிரித்து, தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். இது சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கும் முறையே தவிர, வாக்களிப்பு அல்ல. இதை விவரத்தில் மூன்று வாக்கியத்தில் எழுதிவிட்டால் கல்வெட்டின் பெருமை குறையாது. கணக்கில் தவறியவர்களைப் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்த அதன் விதிகள் அப்போதும் வியப்புக்குரியவையே.

இனி ஆதாரம். "பல நூல்களைப் படித்துத் தொகுத்தது" என்று எழுதுவது ஆதாரம் ஆகாது. எந்த நூலில் எந்தச் செய்தி என்று தெரிந்தால்தான் ஒருவர் போய்ப் பார்க்க முடியும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை வி. வெங்கையா இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் வெளியிட்டு ஆராய்ந்தார். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் வந்த தமது சோழர் ஆட்சிமுறை ஆய்வு நூலில் அவற்றை மறுபடி விரிவாக எடுத்துக்கொண்டார். வீடியோ செய்தவர் சாஸ்திரியின் நூலை மட்டும் படித்திருந்தால், அந்த நூலின் பெயரும் பக்க எண்ணும் மட்டுமே எழுத வேண்டும். கண்ணால் பார்க்காத ஆண்டறிக்கையை ஆதாரமாகப் போடக் கூடாது. சாஸ்திரியின் வாசிப்பில் ஓர் இடம் வெங்கையாவிடமிருந்து வேறுபட்டால், அந்தப் பொறுப்பு யாருடையது என்பதே அப்போது குழம்பிவிடும். நீங்களே கோயிலுக்குப் போய்ச் சுவரைப் படித்திருந்தால் அதையும் தனியாகச் சொல்லலாம்.

படங்களுக்கும் இதே ஒழுங்குதான். விக்கிமீடியா காமன்ஸில் எடுத்த கோயில் படம் என்றால் பலவற்றுக்கு உரிமக் கட்டுப்பாடு உண்டு. எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், படத்தின் இணைப்பு, வெட்டியோ நிறம் மாற்றியோ இருந்தால் அந்தக் குறிப்பு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். "படங்கள்: இணையம்" என்று எழுதினால் அந்தக் கடமை தீராது.

தமிழில் எழுதுகிறவர்கள் நீளத்தையும் கவனிக்க வேண்டும். நிரலாளர்களுக்கான யூடியூப் ஆவணம் விவரத்துக்கு 5000 பைட் வரம்பு வைக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் மூன்று பைட். நம் கண்ணுக்கு ஏழு எழுத்தாகத் தெரியும் "உத்திரமேரூர்" 36 பைட் பிடிக்கிறது. நிரல் வழியாக வீடியோ ஏற்றுகிறவர்களுக்கு இந்த வரம்பு எதிர்பார்ப்பதைவிட முன்னதாகவே வந்துவிடும். < > குறிகளும் விவரத்தில் ஏற்கப்படுவதில்லை.

அழைப்பு கடைசியில் வரட்டும். பின்னணியும் ஆதாரமும் படித்து முடித்தவர் ஏற்கெனவே ஆர்வம் காட்டியவர், அவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. அடுத்து என்ன வரும் என்று சொன்னாலே போதும்: "உத்திரமேரூர்ச் சபை ஏரியைப் பராமரித்த விதம் அடுத்த வீடியோவில். அதைத் தவறவிடாமல் பார்க்க விரும்பினால் சேனலைத் தொடரலாம்." இதற்கடியில் சேனல் முகவரியின் முடிவில் கீழ்க்கண்டதைச் சேர்த்து இணைப்பாகத் தந்தால், கணினியில் திறப்பவரிடம் சேனலைத் தொடர விருப்பமா என்று யூடியூபே கேட்கும்.

```
?sub_confirmation=1
```

சொன்ன வீடியோ உண்மையிலேயே வர வேண்டும். ஏரி பற்றிச் சொல்லிவிட்டு வேறொன்றைப் போட்டால், அடுத்த அழைப்பை யாரும் நம்ப மாட்டார்கள்.

வெளியிட்ட பிறகும் விவரத்தைத் திருத்தலாம். ஏற்றிய வீடியோவை வெட்டலாமே தவிர, பேசிய சொல்லை மாற்றிப் பேச முடியாது. வயது வரம்பு கலந்துவிட்டது என்று ஒருவர் சுட்டிக்காட்டினால், விவரத்தில் Corrections: என்று ஆங்கிலத்திலேயே எழுதி, அடுத்த வரியில் பிழை வரும் நிமிடத்தையும் திருத்தத்தையும் தமிழில் தரலாம். மேலே அத்தியாயப் பட்டியல் இருந்தால் இது அதற்குக் கீழே வர வேண்டும். "4:12 இங்கே சொன்ன 30–60 வயது 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் உள்ளது; 921இல் அது 35–70 ஆக மாற்றப்பட்டது" என்று எழுதினால், அந்த இடத்தை எட்டும்போது பார்ப்பவருக்கு ஒரு குறிப்பு தோன்றும். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி சொல்லி, எந்த நூலைப் பார்த்துத் திருத்தினோம் என்பதையும் அதே வரியில் சேர்க்கலாம்.