‘தீர்த்துடுவேன்’ என்ற ஒரு சொல்

வரப்புத் தகராறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பக்கத்து நிலத்துக்காரரைக் கெட்ட வார்த்தையில் திட்டி, கையால் அடித்துவிட்டு, ‘உன்னைத் தீர்த்துடுவேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் இதற்கு 294(பி), 323, 506(2) என்று ஒரே மூச்சில் எழுதுவார்கள். 2024 ஜூலை முதல் நியாய சன்ஹிதாவில் அவை 296(பி), 115(2), 351(3) ஆகிவிட்டன.

திட்டியதற்கு அதிகபட்சம் மூன்று மாதம். கையால் அடித்ததற்கு ஓராண்டு. கொல்வேன் என்று மிரட்டியதற்கோ ஏழாண்டு! வழக்கின் வகையைத் தீர்மானிக்கும் கோடு இரண்டு ஆண்டு. அதைத் தாண்டினால் வாரண்ட் வழக்கு, தாண்டாவிட்டால் சம்மன் வழக்கு. மூன்றும் ஒரே வழக்கில் சேர்ந்திருந்தால் பெரிய பிரிவின் வழியில்தான் விசாரணை போகும். வாரண்ட் வழக்கு என்றால் உடனே பிடித்துப் போவார்கள் என்று பலர் பயப்படுவது வீண். அதிலும் நீதிமன்றம் சம்மன் அனுப்பலாம்.

சம்மன் வழக்கில் நீதித்துறை நடுவர் குற்றத்தின் சாரத்தைச் சொல்லி, ‘ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டாலே போதும். வாரண்ட் வழக்கில் முறைப்படி குற்றச்சாட்டு வனைய வேண்டும், அதாவது எழுத்தில் வகுக்க வேண்டும். போலீஸ் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. நீதிமன்றம் வனைவதுதான் குற்றச்சாட்டு. பத்திரிகைச் செய்திகளிலேயே இவ்விரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன.

வனைவதற்கு முன்பு குற்றம்சாட்டப்பட்டவர் விடுவிப்பு மனு போடலாம். ஆவணங்களின் நகல் கிடைத்ததிலிருந்து 60 நாள் கெடு. நம் வரப்பு வழக்கில் வக்கீல் குறிவைப்பது மிரட்டல் பிரிவைத்தான். ‘அப்படிச் சொன்னார்’ என்று மட்டும் புகார்தாரரின் வாக்குமூலத்தில் இருந்து, அவரைக் கலங்க வைக்கும் நோக்கம் எங்கும் தெரியாவிட்டால் அந்தப் பிரிவு நிற்பது கடினம். அது உதிர்ந்தால், மிஞ்சும் இரண்டும் சம்மன் வழக்குக்குரியவை.

இந்தக் கட்டத்தில் நீதிமன்றம் சாட்சியை நம்பலாமா என்று ஆராயாது. போலீஸ் தந்த காகிதங்களைப் பார்த்து, வலுவான சந்தேகம் எழுகிறதா என்று மட்டும் எடைபோடும். பிரபுல்ல குமார் சமால் வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது. ‘நான் அன்று ஊரிலேயே இல்லை’ என்று பஸ் டிக்கெட்டை நீட்டினால், பொதுவாக அது பிறகு பார்க்க வேண்டியது என்றுதான் பதில் வரும்.

சம்மன் வழக்கில் விடுவிப்பு என்ற கதவே கிடையாது என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சின்ன வழக்கில் சிக்கியவருக்குப் பெரிய வழக்குக்காரரைவிடக் குறைந்த வழி இருந்தது விசித்திரம்தான். புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 274ஆவது பிரிவு அதை ஓரளவு மாற்றியிருக்கிறது. குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று கண்டால், நடுவர் காரணத்தை எழுதிவைத்து ஆளை விட வேண்டும். அது விடுவிப்புக்குச் சமம்.

விடுவிப்பு உத்தரவை வாங்கியவர்கள் சிலர் ‘கேஸ் முடிந்தது’ என்று இனிப்புக் கொடுப்பதுண்டு. சாட்சிகளை விசாரித்து வரும் விடுதலை வேறு. அதன் பிறகு அதே குற்றத்துக்கு மறுபடி கூண்டில் ஏற்ற முடியாது. விடுவிப்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை. புதிய ஆதாரம் கிடைத்தால் போலீஸ் மறுபடி வரலாம்.