அம்மாவின் பதற்றம் குழந்தைக்கு எப்படித் தெரிகிறது?

2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இது. ஒரு வயதுக் குழந்தைகளின் தாய்மார்களைத் தனியறையில் பேசச் சொன்னார்கள். சிலருக்கு எதிரே இருந்த நடுவர்கள் வேண்டுமென்றே முகம் சுளித்தார்கள். குழந்தைகள் இதையெல்லாம் பார்க்கவேயில்லை. ஆனாலும் படபடப்போடு திரும்பிய அம்மாவிடம் சேர்ந்ததும், இதயத்தை அளந்த கருவியில் குழந்தையும் அம்மாவின் அதே போக்கைக் காட்டியது. புது ஆளைக் கண்டு ஒதுங்கியது. நேரம் போகப்போக இருவரின் இதயப் போக்கிலும் இருந்த ஒற்றுமை வலுத்தது.

அம்மாவின் பதற்றம் எந்த வழியாகத் தொற்றியது? அடுத்த ஆய்வில் சில குழந்தைகளை மடியிலும், சிலரைப் பக்கத்து நாற்காலியிலும் உட்காரவைத்தார்கள். மடிக் குழந்தைகளிடம்தான் அந்த ஒற்றுமை தென்பட்டது. ஆக, தொடுதல் ஒரு வழி.