விரலை எடுக்கும் முன்பே தெரிய வேண்டும்

போன மாதம் ஊருக்குப் போக பஸ் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து பேரின் பெயர், வயது எல்லாம் அடித்தாயிற்று. கீபோர்டு பாதித் திரையை மறைத்ததால், அதை இறக்க ஓரத்திலிருந்து விரலை இழுத்தேன். அது இறங்கியதைக் கவனிக்காமல் மறுபடியும் இழுத்துவிட்டேன். படிவமே போய்விட்டது.

ஆண்ட்ராய்டில் 'பேக்' என்ற ஒரே செய்கைக்குப் பல வேலைகள். கீபோர்டு இருந்தால் முதலில் அதை மூடும். பிறகு திறந்திருக்கும் சின்னப் பெட்டியை, அதன்பின் பக்கத்தை மூடி, கடைசியில் ஆப்பை விட்டே வெளியே கொண்டுபோய்விடும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், பட்டன் இல்லாமலே இரண்டு ஓரங்களில் எதிலிருந்து இழுத்தாலும் இதுதான் நடக்கும்.

ஐபோனில் எல்லா ஆப்புக்கும் பொதுவான பேக் பட்டன் கிடையாது. ஆனால் 2013-இல் ஐஓஎஸ் 7 ஒரு நல்ல பழக்கத்தைக் கொண்டுவந்தது. இடது ஓரத்திலிருந்து இழுத்தால் பக்கம் விரலோடு நகரும். அடியில் முந்தைய பக்கம் தெரியும். வேண்டாமென்றால் விரலை எடுக்காமலே திரும்பத் தள்ளிவிடலாம்.

ஆண்ட்ராய்டால் இதை ஏன் அப்போதே செய்ய முடியவில்லை? பேக் அழுத்திய பிறகுதான் 'என்ன செய்யலாம்?' என்று ஆப் முடிவெடுக்கும். அடுத்து எது வரும் என்று போனுக்கே தெரியாதபோது அதை முன்னால் காட்ட வழியில்லை. 2022-இல் ஆண்ட்ராய்டு 13 இந்த ஏற்பாட்டை மாற்றத் தொடங்கியது. பேக்கைத் தானே கையாள விரும்பும் ஆப் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் போன் தன் வழக்கப்படி பின்னால் போகும். போகுமிடத்தையும் எட்டிப் பார்க்கக் காட்டும். இதற்குத் தயாரான ஆப்களில் ஆண்ட்ராய்டு 15 இதைத் தானாகவே காட்டுகிறது.

என் டிக்கெட் படிவத்தையே எடுத்துக்கொள்வோம். படிவம் காலியாக இருக்கும்வரை ஆப் குறுக்கே வரக் கூடாது. முதல் எழுத்தை அடித்ததும் 'பேக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பதிவு செய்து, இழுக்கும்போது 'அடித்ததை விட்டுவிடலாமா?' என்று கேட்க வேண்டும். சேமித்ததும் அந்தப் பதிவை எடுத்துவிட வேண்டும். அதை எப்போதும் விட்டுவைப்பதுதான் பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் முன்காட்சியே வராது. ஐபோனில் வேறொரு தவறு நடக்கிறது. அழகுக்காக மேலே சொந்த அம்புக்குறியை வைக்கிறார்கள். கவனிக்காவிட்டால் ஓரத்து இழுப்பு செத்துவிடும்.

சோதிக்க நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்து, விரலை எடுக்காமல் நிறுத்துங்கள். பின்னால் இருப்பது தெரிகிறதா என்று பாருங்கள். புதிய ஆண்ட்ராய்டு போனிலும் வெறும் அம்புக்குறி மட்டும் தெரிந்தால், அந்த ஆப்பில் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

என் டிக்கெட் ஆப்பில் அம்புக்குறி மட்டும்தான் தெரிந்தது. அதில் இப்போது கீபோர்டை இறக்க நான் ஓரத்தை இழுப்பதில்லை. கீபோர்டுக்குக் கீழே தோன்றும் கீழ்நோக்கிய குறியைத்தான் தொடுகிறேன்.