படம் ஓடாதபோது திரையில் வரும் எண்: கோளாறு செயலியிலா, கருவியிலா, இணைப்பிலா?

நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகளில் படம் ஓடாமல் நின்றால், திரையில் ஒரு வாக்கியமும் அதன் கீழே ஒரு குறியீடும் வரும். பெரும்பாலானோர் வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டுக் குறியீட்டைக் கவனிப்பதில்லை. உண்மையில் பயன் தருவது குறியீடுதான். டிவியில் NW-2-5 என்று வந்தால், செயலி திறந்துவிட்டது, ஆனால் நெட்ஃபிளிக்ஸின் சேவையகத்தை அதனால் எட்ட முடியவில்லை என்று பொருள். UI-800-3 என்று வந்தால், டிவிக்குள் செயலி சேமித்து வைத்திருக்கும் பழைய தகவலைப் புதுப்பிக்க வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸே விளக்கம் தருகிறது. முதலாவது இணைப்பின் பக்கமும் இரண்டாவது கருவியின் பக்கமும் கை காட்டுகின்றன.

ஆனால் குறியீடு சொல்வது, செயலி எந்த இடத்தில் தடுக்கி நின்றது என்பதை மட்டுமே. தடுக்கியது யாரால் என்பதை அது சொல்லாது. டிவியின் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் இது தெளிவாகப் புரியும். சேவையகம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு; டிவியின் கடிகாரம் சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று கருதி டிவி இணைப்பை மறுத்துவிடும். இணைய வேகத்தில் ஒரு குறையும் இருக்காது, ஆனாலும் திரையில் வருவது இணைப்புப் பிழையாகத்தான் இருக்கும். ஆகவே குறியீட்டைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் விசாரணையின் தொடக்கமாகக் கொள்வதே சரி.

விசாரணைக்கு மூன்று மாற்றங்கள் போதும். அதே செயலியை வேறு கருவியில் ஓட்டிப் பார்ப்பது, அதே கருவியில் வேறு செயலியை ஓட்டிப் பார்ப்பது, அதே கருவியை வேறு இணைப்பில் ஓட்டிப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ரௌட்டரையும் டிவியையும் ஒன்றாக அணைத்துப் போட்டுச் சரியாகிவிட்டால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. அடுத்த வாரம் அதே சிக்கல் வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இந்தச் சோதனையில் பலரை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. வீட்டு வைஃபை மந்தமாக இருந்தால், பல கைபேசிகள் சொல்லாமலே மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். கைபேசியில் படம் ஓடுவதைப் பார்த்து வைஃபை நன்றாக இருக்கிறது, டிவிதான் கெட்டுவிட்டது என்ற தவறான முடிவுக்கு அது இழுத்துச் செல்லும். சோதிக்கும் முன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். ஏற்கெனவே பதிவிறக்கி வைத்த படத்தையும் சோதனைக்கு எடுக்கக் கூடாது. அது இணையமே இல்லாமல் ஓடும்.

ஒரு வீட்டில் மாலை நேரத்தில் டிவியில் NW-2-5 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே டிவியில் யூடியூப் ஓடுகிறது. எனவே டிவியின் வைஃபை அறுபடவில்லை, வீட்டுக்கு இணையமும் வருகிறது. மொபைல் டேட்டாவை அணைத்த கைபேசியில், அதே வைஃபையில் நெட்ஃபிளிக்ஸைத் திறந்தால் அங்கும் ஓடவில்லை. இப்போது டிவி மீதான சந்தேகம் ஏறக்குறைய நீங்குகிறது. அடுத்து, மொபைல் டேட்டாவைத் திரும்ப இயக்கி, கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணைத்ததும் படம் ஓடுகிறது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் ஓடவிட்டால் போதும், ஏனெனில் எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை டேட்டா செலவாகும்.

ஆக டிவி, செயலி, நெட்ஃபிளிக்ஸ் சேவை மூன்றும் நலம். சிக்கல் ரௌட்டரிலோ அதற்கு அப்பால் இணைய நிறுவனத்தின் பாதையிலோ இருக்கிறது. ரௌட்டரின் மின்சாரத்தை ஒரு நிமிடம் துண்டித்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். அப்போதும் ஓடாவிட்டால் டிவியின் நெட்வொர்க் அமைப்பில் டி.என்.எஸ். என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். இணையப் பெயரைக் கொடுத்து அதன் முகவரியை வாங்கித் தரும் ஏற்பாடு அது. யாரேனும் முன்பு அதில் எண்களை மாற்றியிருந்தால் தானியங்கி நிலைக்குத் திருப்ப வேண்டும். ஏற்கெனவே தானியங்கியில் இருந்தால், சோதனைக்காக 8.8.8.8 என்று இட்டுப் பார்க்கலாம். அந்த மாற்றத்தில் படம் ஓடத் தொடங்கினால், பெரும்பாலும் இணைய நிறுவனத்தின் டி.என்.எஸ்.தான் பழுது. அதன் பிறகு டிவி மெக்கானிக்கை அழைப்பது பணத்துக்குக் கேடு.

இதற்கு நேர்மாறாக, அதே வைஃபையில் கைபேசி நன்றாக ஓட, டிவி மட்டும் தடுமாறினால் ரௌட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை டிவிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கேபிளில் ஓடினால் குறை வைஃபை சமிக்ஞையில் இருக்கிறது. கேபிளிலும் ஓடாமல், பிற செயலிகள் ஓடினால் குறை டிவிக்குள் இருக்கும் அந்தச் செயலியில்தான். UI-800-3 வரும்போது பெரும்பாலும் இந்த நிலைதான். டிவியைப் பிளக்கிலிருந்து ஒரு நிமிடம் எடுத்துவிட வேண்டும். ரிமோட்டில் அணைப்பது போதாது, ஏனெனில் பல டிவிகள் அப்போது உறங்கு நிலைக்குத்தான் போகின்றன. சரியாகாவிட்டால் செயலியின் தரவை அழித்து, தேவைப்பட்டால் செயலியையே நீக்கி மறுபடி நிறுவலாம். மீண்டும் உள்நுழையக் கடவுச்சொல் வேண்டும் என்பதால், அது கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

படம் நிற்காமல் மங்கலாக ஓடுவது வேறு கதை. அது பெரும்பாலும் வேகக் குறைவு. நெட்ஃபிளிக்ஸ் 1080p தரத்துக்கு 5 எம்.பி.பி.எஸ்., 4கே தரத்துக்கு 15 எம்.பி.பி.எஸ். வேண்டும் என்கிறது. fast.com என்ற தளம் நெட்ஃபிளிக்ஸின் சொந்தச் சேவையகங்களிலிருந்தே வேகத்தை அளப்பதால், இதற்கு அதுவே பொருத்தமானது. லேப்டாப்பை டிவியில் இணைத்துப் பார்க்கும்போது ஒலி வந்து படம் மட்டும் கறுப்பாக இருந்தால் எச்.டி.சி.பி. என்ற நகல் தடுப்பு ஏற்பாட்டைச் சந்தேகிக்கலாம். பழைய எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டரையோ கன்வெர்ட்டரையோ நீக்கி நேராக இணைத்தால் தெரிந்துவிடும். எல்லாக் கருவியிலும், எல்லா இணைப்பிலும் ஒரே செயலி மட்டும் ஓடாவிட்டால் கோளாறு சேவையிலோ கணக்கிலோ இருக்கிறது. வீட்டில் எதையும் கழற்ற வேண்டியதில்லை.

குறியீட்டை இணையத்தில் தேடும்போது ஓர் ஆபத்து காத்திருக்கிறது. வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் மோசடிக்காரர்கள் போலி எண்களைப் பரப்பிவைக்கிறார்கள். அழைத்தால் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வார்கள், அல்லது சிறு தொகை கட்டச் சொல்வார்கள், பிறகு ஓ.டி.பி. கேட்பார்கள். பிழையைச் சரிசெய்ய ஓ.டி.பி.யோ வங்கி விவரமோ தேவையே இல்லை. செயலிக்குள் இருக்கும் உதவிப் பக்கத்தின் வழியாக மட்டுமே தொடர்புகொள்ள வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். விரைவாகச் சொன்னால்தான் பணப் பரிமாற்றத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.

தவறு யாருடையது என்று தெரிந்தபின் புகார் அங்கேதான் போக வேண்டும். இணைப்பின் குறை என்றால் முதலில் இணைய நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து, டாக்கெட் எண் பெற வேண்டும். தீர்வு திருப்தி தராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையிடலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாகத் தீர்ப்பதில்லை. ஸ்ட்ரீமிங் சேவையின் குறை என்றால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இரு வகைக்கும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நாடலாம். புகாருடன் குறியீட்டின் புகைப்படம், நேரம், எந்தக் கருவியில் எந்த இணைப்பில் ஓடியது, எதில் ஓடவில்லை என்ற குறிப்பு ஆகியவற்றை இணைத்தால், “உங்கள் டிவியில்தான் கோளாறு” என்று தட்டிக்கழிக்க அவர்களுக்கு இடமிருக்காது.