ஹாமெட் கோடும் அதிலிருந்து விலகும் புள்ளியும்

பென்சீன் வளையத்தின் ஒரு முனையில் ஒரு வேதிவினை நடக்கிறது. எதிர்முனையில் நைட்ரோ தொகுதியையோ மெத்தாக்சி தொகுதியையோ பொருத்தினால் அந்த வினையின் வேகம் மாறிவிடுகிறது. பொருத்திய தொகுதி வினையில் நேரடியாகக் கலந்துகொள்வதில்லை. வளையத்திலுள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது அல்லது வளையத்துக்குள் தள்ளுகிறது, அவ்வளவுதான். இந்த இழுப்பையும் தள்ளலையும் எண்ணாக மாற்ற வழி சொன்னவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி ஹாமெட். அவருடைய கட்டுரை 1937இல் வெளிவந்தது. இயற்பியல் கரிம வேதியியல் ஆய்வறிக்கைகளில் இன்றும் இடம்பெறும் ஹாமெட் வரைபடம் அதிலிருந்து வந்ததே.

ஹாமெட் அளவுகோலாக எடுத்துக்கொண்டது, 25 டிகிரி செல்சியஸில் நீரில் கரைந்த பென்சோயிக் அமிலம். அந்த அமிலம் ஒரு புரோட்டானை விட்டு அயனியாகிறது. வளையத்தின் பாரா இடத்தில் நைட்ரோ இருந்தால் அமிலம் ஏறத்தாழ 6 மடங்கு வலுவாகிறது. 6இன் மடக்கை ஏறக்குறைய 0.78. பாரா நைட்ரோவின் பதிலி மாறிலி அதுதான். சிக்மா (σ) என்று எழுதுவார்கள். ஹைட்ரஜனுக்கு இது சுழியம். எலக்ட்ரானை இழுக்கும் தொகுதிக்கு நேர்க்குறி, தள்ளும் தொகுதிக்கு எதிர்க்குறி.

ஒரே தொகுதி இடத்துக்கேற்ப குறி மாறுவதும் உண்டு. மெத்தாக்சி தொகுதிக்குப் பாரா இடத்தில் σ = −0.27, மெட்டா இடத்தில் +0.12. அதிலுள்ள ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஒற்றைப் பிணைப்பு வழியாக எப்போதும் தன் பக்கம் இழுத்தபடியே இருக்கிறது. தன் தனி இணை எலக்ட்ரான்களை உடனிசைவு வழியாக வளையத்துக்குக் கொடுக்கவும் செய்கிறது. அந்தக் கொடை பாரா இடத்திலிருந்துதான் வினை முனைக்கு நன்றாகப் போய்ச் சேரும். மெட்டா இடத்தில் இழுப்பே மிஞ்சுகிறது. எனவே ‘மெத்தாக்சி எலக்ட்ரான் தரும் தொகுதி’ என்று பொதுவாக எழுதிவிட்டுப் போவது பாதி உண்மைதான்.

இனி வேறொரு வினைக்கு வருவோம். எத்தில் பென்சோயேட் என்ற எஸ்டர் காரக் கரைசலில் நீராற்பகுக்கப்படுகிறது. எத்தனாலும் நீரும் கலந்த கரைப்பானில், ஹைட்ராக்சைடு அயனியை எஸ்டரைவிடப் பல மடங்கு மிகுதியாக எடுத்துக்கொண்டால் அதன் செறிவு வினை முடியும்வரை கிட்டத்தட்ட மாறாது. வினை முதல் வகை வினைபோல நடந்துகொள்ளும். புறஊதா நிறமாலைமானியில் ஒளி உறிஞ்சல் குறைவதைப் பதிவு செய்து, அதிலிருந்து கிடைக்கும் மாறிலியை ஹைட்ராக்சைடின் செறிவால் வகுத்தால் உண்மையான வேக மாறிலி k கைக்கு வரும். வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்தாலே k கணிசமாக மாறிவிடும் என்பதால், எல்லா எஸ்டர்களையும் ஒரே வெப்பநிலைத் தொட்டியில், ஒரே கரைப்பானில் அளப்பது கட்டாயம்.

கிடைத்த மதிப்புகளின் மடக்கையை நெடுக்கு அச்சிலும், σ மதிப்புகளைக் கிடை அச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமைகின்றன. அந்தக் கோட்டின் சமன்பாடு:

log (k/k₀) = ρσ

இதில் k₀ என்பது பதிலி இல்லாத எஸ்டரின் வேக மாறிலி. ρ (ரோ) கோட்டின் சாய்வு. இந்த வினைக்கு ρ ஏறத்தாழ +2.5. பாரா நைட்ரோவுக்கு 2.5 × 0.78 = 1.95, அதாவது வேகம் சுமார் 90 மடங்கு கூடும். பாரா மெத்தாக்சிக்கு 2.5 × (−0.27) = −0.675, வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். மெட்டா மெத்தாக்சியோ வேகத்தை இரட்டிப்பாக்கும்.

சாய்வு நேர்க்குறியாக இருப்பதற்குக் காரணம் வினையின் மெதுவான படியில் இருக்கிறது. ஹைட்ராக்சைடு அயனி கார்பனைல் கார்பனைத் தாக்கும்போது அந்தப் பகுதியில் எதிர்மின் சுமை சேர்கிறது. எலக்ட்ரானை இழுக்கும் தொகுதி அந்தச் சுமையைப் பங்கிட்டுத் தாங்கிக்கொள்கிறது. பென்சோயிக் அமிலத்தில் சாய்வை 1 என்று ஹாமெட் வைத்துக்கொண்டதால், 2.5 என்பது எஸ்டர் வினை பதிலிகளுக்கு அதைவிட அதிகமாக வளைந்து கொடுக்கிறது என்று காட்டும். ஆனால் அந்த முழு மிகுதியையும் வினையின் வழிமுறைக்கே எழுதி வைக்கக் கூடாது. பென்சோயிக் அமிலத்தின் அயனியாக்கமே எத்தனாலில் நடந்தால் ρ ஏறக்குறைய 2 ஆகிவிடுகிறது. நீரைப்போல எத்தனால் அயனியை அரவணைப்பதில்லை. கரைப்பானைக் குறிப்பிடாத ρ மதிப்புக்கு அறிக்கையில் பெரிய மதிப்பில்லை.

புள்ளிகள் கோட்டை விட்டு விலகும்போதுதான் வரைபடம் கூடுதலாகப் பேசத் தொடங்குகிறது. குமைல் குளோரைடு கரைப்பானோடு வினைபுரிகையில் குளோரைடு அயனி விலகி, வளையத்தை ஒட்டிய கார்பனில் நேர்மின் சுமை உண்டாகிறது. 90 விழுக்காடு அசிட்டோன் கலந்த நீரில் சாய்வு −4.5க்கு அருகில் வருகிறது; எதிர்க்குறி நேர்மின் சுமையைக் காட்டுகிறது. வழக்கமான σ-ஐ வைத்துக் கணக்கிட்டால் பாரா மெத்தாக்சி வேகத்தை சுமார் 16 மடங்கு கூட்ட வேண்டும். சோதனையில் அது ஆயிரக்கணக்கான மடங்கு கூடியது. தொகுதி தன் எலக்ட்ரான் இணையை நேர்மின் கார்பனோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்வதே காரணம். பென்சோயிக் அமிலத்தில் அப்படிப்பட்ட வாய்ப்பு கிடையாது. ஹெர்பர்ட் பிரவுனும் ஒகமோட்டோவும் 1958இல் இந்த வினையையே அளவுகோலாக்கி σ⁺ என்ற தனி மாறிலியை வகுத்தார்கள். அதில் பாரா மெத்தாக்சியின் மதிப்பு −0.78.

ஒரு புள்ளி மட்டும் விலகாமல் கோடு முழுதுமே வளைந்தால் காரணம் வேறு. மேல்நோக்கி வளைந்தால், பதிலி மாறும்போது வினை வேறொரு வழியைப் பிடித்திருக்கலாம். கீழ்நோக்கி வளைந்தால், வழி அதேதான், வேகத்தைத் தீர்மானிக்கும் படி மாறியிருக்கும் என்று சந்தேகிக்கலாம். ஆர்த்தோ இடத்துப் பதிலிகளை இந்த வரைபடத்தில் சேர்ப்பதில்லை. அவை வினை முனைக்கு மிக அருகில் இருப்பதால் இட நெருக்கடியும் எலக்ட்ரான் விளைவோடு கலந்துவிடுகிறது.

அறிக்கை எழுதும்போது நடக்கும் தவறுகளில் அடிக்கடி கண்ணில் படுவது மடக்கைக் குழப்பம். 10 அடிமானத்துக்குப் பதிலாக இயல் மடக்கையைப் போட்டுவிட்டால் சாய்வு 2.303 மடங்கு பெருத்துவிடும், எஸ்டரின் 2.5 என்பது 5.8 என்று வரும். அதை வைத்து வழிமுறைக்கு விளக்கம் எழுதினால் அதுவும் தவறாகவே போகும். இன்னொன்று, நான்கே புள்ளிகளை, அவற்றிலும் மூன்றை σ அளவில் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வைத்துக்கொண்டு, ஒட்டுறவுக் கெழு 0.99 என்று பெருமைப்படுவது. தொலைவிலுள்ள ஒற்றைப் புள்ளியே அந்த எண்ணைக் கொடுத்துவிடும். பாரா மெத்தாக்சியிலிருந்து பாரா நைட்ரோ வரை பரவலாக, மெட்டா பதிலிகளையும் சேர்த்து, குறைந்தது ஆறேழு சேர்மங்களாவது வேண்டும். சாய்வோடு அதன் பிழை வரம்பு, வெப்பநிலை, கரைப்பான், எந்த வகை σ என்ற விவரங்கள் வரைபடத்தின் அடியிலேயே இருக்க வேண்டும். பொருந்தாத புள்ளியை அழித்துவிட்டுக் கோடு போடாதீர்கள். முதலில் அந்தச் சேர்மத்தின் தூய்மையைச் சரிபார்த்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அது விலகியே நின்றால் அதையும் வரைபடத்தில் வைத்து, ஏன் விலகுகிறது என்று எழுதுங்கள்.