இருபத்தெட்டு நாள் இருந்தவரை என்ன செய்வது?

அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனவர்களில் பெரும்பாலானோர் இரண்டு, மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிலர் ஐந்தாறு நாள் தங்குவார்கள். எங்கோ ஒருவருக்கு வயிற்றுக்குள் சீழ் கட்டி, குழாய் வைத்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றி, நான்கு வாரம் வார்டிலேயே கிடக்க நேரும். தங்கிய நாள்களை வரைபடமாகப் போட்டால் இடது பக்கம் ஒரு குவியலும், வலது பக்கம் நீண்டு மெலியும் ஒரு வாலும் தெரியும். நாள் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகாது, மேலே அதற்கு எல்லை கிடையாது. அதனால் எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் இந்த வால் பெரும்பாலும் இருக்கும். புள்ளியியலில் இதற்கு வலப்பக்கக் கோட்டம் என்று பெயர்.

இந்த வாலை வைத்துக்கொண்டு இரண்டு சிகிச்சைகளை எப்படி ஒப்பிடுவது? கையால் போட்டுப் பார்க்கும் அளவுக்குச் சிறிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. லேப்ராஸ்கோபி முறையில் ஆபரேஷன் செய்துகொண்ட பத்துப் பேர் தங்கிய நாள்கள்: 1, 2, 2, 2, 2, 3, 3, 3, 4, 28. வயிற்றைத் திறந்து செய்யும் முறையில் பத்துப் பேர்: 3, 3, 4, 4, 4, 5, 5, 6, 7, 9.

முதல் குழுவைக் கூட்டினால் 50. இரண்டாவதைக் கூட்டினாலும் 50. இரண்டுக்கும் சராசரி 5 நாள்தான். ஆனால் முதல் குழுவில் ஒன்பது பேர் நான்கு நாளுக்குள் கிளம்பிவிட்டார்கள். ஐந்து நாள் தங்கியவர் என்று அங்கே ஒருவர்கூட இல்லை. வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலையைப் பாருங்கள்: முதல் குழுவில் 2.5 நாள், இரண்டாவதில் 4.5 நாள்.

கட்டுரையில் மூலத் தரவு இல்லாதபோதும் கோட்டத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு. முதல் குழுவின் திட்ட விலக்கம் 8.1. அட்டவணையில் அது ‘5 ± 8.1 நாள்’ என்று அச்சாகியிருக்கும். ஐந்திலிருந்து எட்டைக் கழித்தால் குறை எண் வருகிறது. ஆஸ்பத்திரியில் மைனஸ் மூன்று நாள் யாரும் தங்க முடியாது. எதிர்மறையே வரமுடியாத ஓர் அளவில் திட்ட விலக்கம் சராசரியின் பாதியைத் தாண்டினாலே, அங்கே ஒரு வால் ஒளிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

எந்தச் சோதனையைத் தொடுவதற்கும் முன்னால் அந்த 28-ஐ கேஸ் ஷீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் தேதியில் மாதத்தைத் தவறாகத் தட்டச்சு செய்திருந்தால் ஒரே நாளில் போனவர்கூடக் கணினியில் ஒரு மாதம் தங்கிவிடுவார். அது பிழை, திருத்தலாம். உண்மையாகவே சீழ் கட்டி 28 நாள் இருந்தவர் என்றால் அவரை நீக்கக் கூடாது. லேப்ராஸ்கோபிக்குப் பிறகு அப்படியும் நேரலாம் என்பது நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இனிச் சோதனைக்கு வருவோம். பழக்கமான டி சோதனை சராசரிகளை ஒப்பிடுவது. இரண்டு சராசரியும் ஒன்றே என்பதால் வேறுபாடு பூஜ்யம், பி மதிப்பு 1. வித்தியாசம் எதுவுமே இல்லை என்று அது சொல்லும்.

அடுத்தது தரவரிசை வழி. வேதியியலாளரான ஃபிராங்க் வில்காக்ஸன் 1945-இல் இதை முன்வைத்தார். 1947-இல் மான், விட்னி இருவரும் விரிவாக்கினார்கள். எண்களின் அளவை விட்டுவிட்டு அவற்றின் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் இதன் உத்தி. இருபது பேரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறோம். ஒரு நாள் தங்கியவருக்கு இடம் 1. இரண்டு நாள் தங்கிய நால்வர் 2 முதல் 5 வரையிலான இடங்களைப் பிடிக்கிறார்கள், எனவே ஆளுக்கு 3.5. இப்படியே போனால் ஒன்பது நாள் தங்கியவருக்கு 19-ஆம் இடம், 28 நாள் தங்கியவருக்கு 20-ஆம் இடம். அவர் 10 நாள் தங்கியிருந்தாலும் 100 நாள் தங்கியிருந்தாலும் இடம் 20-தான். வாலின் இழுப்பு இங்கேதான் அறுகிறது.

லேப்ராஸ்கோபி குழுவின் இடங்களைக் கூட்டினால் 71.5, மற்றதற்கு 138.5. இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். முதல் குழுவில் ஒருவரையும் இரண்டாம் குழுவில் ஒருவரையும் ஜோடி சேர்த்தால் நூறு ஜோடிகள் கிடைக்கும். திறந்த முறைக்காரர் அதிக நாள் தங்கிய ஜோடிகளை எண்ணி, சமமானவற்றைப் பாதியாகக் கணக்கிட்டால் 83.5 வருகிறது. வேறுபாடே இல்லையென்றால் 50-ஐ ஒட்டி இருந்திருக்கும். பி மதிப்பு 0.011. அந்த நூறு ஜோடிகளின் வித்தியாசங்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 2 நாள். ஹாட்ஜஸ்–லேமன் மதிப்பீடு என்று இதைச் சொல்வார்கள்.

ஒரு தவறான புரிதல் இங்கே பரவலாக உண்டு. மான்–விட்னி சோதனை இடைநிலைகளை ஒப்பிடுகிறது என்று எழுதிவிடுகிறார்கள். இரு குழுக்களின் வடிவமும் ஒன்றாக இருந்து, ஒன்று மற்றதிலிருந்து நகர்ந்து மட்டும் நிற்குமானால் அப்படிச் சொல்லலாம். நம் கணக்கில் ஒன்றுக்கு நீண்ட வால் இருக்கிறது, மற்றதற்கு இல்லை. எனவே ‘ஒரு குழுவில் எடுத்தவர் மற்றதில் எடுத்தவரைவிட அதிக நாள் தங்கும் வாய்ப்பு கூடுதல்’ என்பதே இதன் நேரான பொருள்.

மூன்றாவது வழி உருமாற்றம். ஒவ்வொரு எண்ணுக்கும் மடக்கை எடுத்துவிட்டு டி சோதனை செய்வது. மடக்கை பெரிய எண்களை அதிகம் சுருக்கும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரமும், பதினான்குக்கும் இருபத்தெட்டுக்கும் உள்ள தூரமும் அங்கே சமம். வால் சுருங்கி வடிவம் சமச்சீருக்கு வந்தால் இது மிக நல்ல வழி, ஏனென்றால் முடிவைத் திரும்ப நாள் கணக்குக்குக் கொண்டுவரலாம். ஆனால் திரும்பி வருவது பெருக்குச் சராசரி, சாதாரணச் சராசரி அல்ல. நம் குழுக்களுக்கு அது 2.9 நாள், 4.7 நாள். வேறுபாடும் கழித்தலாக வராமல் விகிதமாக வரும்: 0.62. அதாவது லேப்ராஸ்கோபி குழுவின் தங்கல் 38 விழுக்காடு குறைவு.

ஆனாலும் இந்தத் தரவுக்கு மடக்கை போதவில்லை. மடக்கை எடுத்த பிறகும் 28 தன் கூட்டத்தை விட்டுத் தனியே நிற்கிறது. அதனால் விகிதத்தின் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 0.32 முதல் 1.20 வரை விரிந்துவிடுகிறது, பி மதிப்பு 0.14. உருமாற்றினால் போதும் என்று விட்டுவிடாமல் உருமாற்றிய தரவையும் வரைந்து பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். இன்னொரு சிக்கல் பூஜ்யம். நள்ளிரவுகளை எண்ணி நாள் கணக்கிடும் இடங்களில் அன்றே வீடு திரும்பியவர் பூஜ்யம் நாள் தங்கியவர். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. எல்லாவற்றோடும் 1 கூட்டிக்கொள்கிறார்கள். 1-க்குப் பதில் 0.5 கூட்டினால் விடை மாறும். அன்றே திரும்புவோர் நிறைய இருந்தால் தரவரிசை வழியே நல்லது.

ஆக ஒரே இருபது எண்களுக்கு மூன்று பி மதிப்புகள்: 1, 0.14, 0.011. மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பிடித்ததை எடுத்து எழுதும் ஆசை எந்த ஆய்வாளருக்கும் வரும். அப்படி எடுத்த பி மதிப்புக்கு மதிப்பே இல்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவையும் அல்ல, மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் அவை. எத்தனை படுக்கை வேண்டும், செலவு எவ்வளவு என்று கேட்கும் நிர்வாகிக்குச் சராசரிதான் தேவை. இரண்டு குழுக்களும் ஐம்பது படுக்கை நாள்களைத்தான் எடுத்துக்கொண்டன, அது உண்மை. பத்து நோயாளிகளை வைத்து அந்தச் சராசரியை நம்ப முடியாது என்பதுதான் அங்கே குறை. ‘எனக்கு எத்தனை நாள் ஆகும் டாக்டர்?’ என்று கேட்பவருக்கு இடைநிலையும் தரவரிசையும் பதில் சொல்லும். எந்தக் கேள்வி என்பதை முதலில் முடிவு செய்து, தரவு கைக்கு வருவதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். தங்கிய நாள்கள் கோட்டமாகத்தான் வரும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

இயல்புநிலைச் சோதனை ஒன்றைப் போட்டு, அதன் பி மதிப்பைப் பார்த்துவிட்டு வழியைத் தேர்வதும் வழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்துப் பேர் இருக்கும்போது உண்மையான கோட்டத்தையும் அது தவறவிடலாம். ஆயிரம் பேர் இருந்தால் பொருட்படுத்தத் தேவையில்லாத கோணலுக்கும் மணி அடிக்கும்.

அட்டவணையும் சோதனையும் ஒரே மொழி பேச வேண்டும். ‘தரவு இயல்பாக இல்லாததால் பண்பளவையற்ற சோதனை செய்யப்பட்டது’ என்று செய்முறையில் எழுதிவிட்டு, அட்டவணையில் சராசரியும் திட்ட விலக்கமும் தருவது ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் கோளாறு. நம் கணக்கை நான் இப்படி எழுதுவேன்: “தங்கிய நாள்கள் வலப்பக்கக் கோட்டமாக இருக்கும் என எதிர்பார்த்து, மான்–விட்னி சோதனையை முன்பே தேர்ந்திருந்தோம். லேப்ராஸ்கோபி குழுவில் இடைநிலை 2.5 நாள் (கால்மானங்கள் 2, 3, வீச்சு 1 முதல் 28). திறந்த முறையில் 4.5 நாள் (கால்மானங்கள் 4, 6, வீச்சு 3 முதல் 9). ஹாட்ஜஸ்–லேமன் வேறுபாடு 2 நாள், 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 1 முதல் 4. பி மதிப்பு 0.011. லேப்ராஸ்கோபி குழுவில் ஒருவர் 28 நாள் தங்கினார். கேஸ் ஷீட்டில் சரிபார்த்து, அவரைச் சேர்த்தே கணக்கிட்டோம். இரு குழுக்களிலும் சராசரி 5 நாள்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடச் சொல்பவர்கள் இருப்பார்கள். நான் விடமாட்டேன். அதைப் படிக்கும் நிர்வாகி இந்தத் தரவிலிருந்து படுக்கைச் சேமிப்பு இருக்கும் என்று கணக்குப் போடமாட்டார்.

இந்தச் சோதனைகள் எதுவும் தாமாகக் கண்டுபிடிக்காத ஒன்று மரணம். இரண்டாம் நாள் இறந்துபோனவரும் கணினியில் ‘2 நாள்’தான். அவர் சீக்கிரம் குணமாகி வீட்டுக்குப் போனவரோடு சேர்ந்து எண்ணப்பட்டால், அதிகம் பேர் இறந்த குழு நல்ல குழுவாகத் தோன்றும். அப்பெண்டிக்ஸில் இது அரிது, தீவிர சிகிச்சைப் பிரிவில் அன்றாடம். தரவரிசை வழியில் இறந்தவர்களுக்குக் கடைசி இடங்களைக் கொடுக்கலாம், அல்லது உயிரோடு டிஸ்சார்ஜ் ஆக எத்தனை நாள் என்று கேள்வியையே மாற்றி அமைத்து, மரணத்தைப் போட்டி நிகழ்வாகக் கொள்ளும் முறைகளைப் பயன்படுத்தலாம். எதைச் செய்தாலும் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண் தங்கிய நாள்களுக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும்.