கீழே சேர்த்த ஒரு வரி

ஈரோட்டில் துணிப்பை தைத்து மொத்தமாக விற்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்கிறார்: “எக்செல்லில் ரேட் ஷீட் வைத்திருக்கிறேன். எத்தனை பை என்று போட்டால் ஒரு பையின் விலை தானாக வந்துவிடும். சித்திரையில் புதிதாக ஒரு ஸ்லாப் சேர்த்தோம். அதிலிருந்து சில கொட்டேஷன் சரியாக வருகிறது, சில தப்பாக வருகிறது. ஃபார்முலாவை யாரும் தொடவில்லை. வைரஸாக இருக்குமோ?”

வைரஸ் இல்லை. அவர் அனுப்பிய ரேட் ஷீட் இதுதான். இடப்பக்கம் குறைந்தபட்ச எண்ணிக்கை, வலப்பக்கம் ஒரு பையின் விலை ரூபாயில்.

```
   1    60
 100    45
 500    38
1000    34
2000    31
5000    28
 250    41
```

கடைசி வரிதான் சித்திரையில் சேர்த்த புது ஸ்லாப். நூறுக்கும் ஐநூறுக்கும் நடுவே செருக வேண்டியதை, காலியாக இருந்த அடி வரியில் போட்டுவிட்டார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்வோம்; கணக்கு நோட்டில் புதுப்பதிவு கீழேதானே போகும். விலையைத் தேடி எடுக்கும் ஃபார்முலா இது (எண்ணிக்கை E2 செல்லில் இருக்கிறது):

```
=VLOOKUP(E2,$A$2:$B$8,2,TRUE)
```

கடைசியில் இருக்கும் TRUE, ‘அதே எண் இல்லாவிட்டால் அதைவிடச் சிறியவற்றில் பெரியதை எடு’ என்று சொல்கிறது. ஸ்லாப் விலைக்கு அதுதான் வேண்டும். 600 பை கேட்டவருக்கு 500-க்கான விலை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இடப்பக்க எண்கள் மேலிருந்து கீழாக ஏறுவரிசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரியான விடை வராமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டின் உதவிக் குறிப்பே சொல்கிறது. ‘வராமல் போகலாம்’ என்றால் எப்போது வரும், எப்போது வராது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். அது குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. எந்த பில் தப்பாக வரும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஊருக்குப் புதிதாக வந்த ஒரு கூரியர் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் கதவிலக்கங்கள் வரிசையாக இருக்கும் என்று அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அதை அவன் நம்புகிறான். முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு போக அவனுக்கு நேரமில்லை. தெருவின் நடு வீட்டில் வண்டியை நிறுத்துகிறான். அங்குள்ள எண் தனக்கு வேண்டியதைவிடப் பெரியதா? முன்பாதியில் தேடுவான், பின்பாதியை மறந்துவிடுவான். சிறியதா? பின்பாதியில் தேடுவான், முன்பாதி அவனைப் பொறுத்தவரை இடிந்து போனது. மிச்சமுள்ள பாதியில் மறுபடி நடு வீடு. இப்படிப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால், எக்செல் தாளில் உள்ள 10,48,576 வரிகளையும் 21 பார்வைக்குள் தீர்த்துவிடலாம். நம் ஏழு வரிக்கு மூன்று பார்வை போதும்.

அவன் கையில் 600-க்கான பார்சல். நடு வரி, அதாவது நாலாவது, 1000. பெரியது, முன்பக்கம். அங்கே நடு வரி 100. சிறியது, பின்பக்கம். மிச்சம் ஒரே வரி, 500. அது 600-க்குள் அடங்குகிறது. விலை 38 ரூபாய். சரியான விடை. அடி வரியில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும் 250-ஐ அவன் பார்க்கவே இல்லை. 1500, 3000 என்று எதைக் கொடுத்தாலும் அந்த வரிவரை அவன் போக மாட்டான். வாசகருக்குச் சில கொட்டேஷன் சரியாக வந்தது இதனால்தான்.

இப்போது 6000 பை. நடு வரி 1000, சிறியது, பின்பக்கம். மிச்சம் மூன்றில் நடு 5000, அதுவும் சிறியது, இன்னும் பின்பக்கம். மிச்சம் கடைசி வீடு மட்டும். அதன் கதவில் 250. ஆறாயிரத்துக்குள் அடங்குகிறதா? அடங்குகிறது. பார்சலை அங்கே கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். அந்த வீட்டுக்காரம்மா யாருக்கோ வந்த பிரஷர் குக்கரைப் பிரித்து அடுப்பில் வைத்தும் விடுகிறார். விலை 28-க்குப் பதில் 41 ரூபாய். கொட்டேஷன் 1,68,000-க்குப் பதில் 2,46,000. பெரிய ஆர்டர் கொடுக்க வந்தவர் ஏன் திரும்பி வரவில்லை என்று வாசகர் யோசித்திருப்பார்.

பையன் வழியில் 5000-ஐப் பார்த்தான், அதைத் தாண்டிப் போன இடத்தில் 250-ஐப் பார்த்தான். வரிசை குலைந்திருப்பதற்கான சாட்சி அவன் கண்ணெதிரிலேயே இருந்தது. ஆனால் பார்த்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலையை அவனுக்கு யாரும் தரவில்லை. கையிலிருக்கும் எண்ணோடு மட்டும்தான் ஒப்பிடுவான்.

சரி, அந்த வேலையையும் சேர்த்துக் கொடுத்திருந்தால்? பாதி நோய்தான் தீரும். 300 பைக்குப் பாருங்கள். 1000, பெரியது. 100, சிறியது. 500, பெரியது. ஆகவே 100-க்கான விலை, 45 ரூபாய். உண்மையில் 250-க்கான 41 வந்திருக்க வேண்டும். 12,300 ரூபாய் பில் 13,500 ஆகிவிட்டது. இங்கே அவன் கண்ட மூன்று வீடுகளும் ஒழுங்கான வரிசையில்தான் நிற்கின்றன. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. தெரு முழுக்க வரிசைதானா என்று உறுதி செய்ய வேண்டுமென்றால் எல்லாக் கதவையும் பார்த்தாக வேண்டும். எல்லாக் கதவையும் பார்ப்பதாக இருந்தால் பாதி பாதியாகத் தேடும் வித்தையே தேவையில்லை, போகிற வழியிலேயே வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். வேகம் வேண்டும் என்றால் சரிபார்க்க முடியாது. எக்செல் இங்கே #N/A என்று கத்தாமல் இருப்பதற்குக் காரணம் அலட்சியமல்ல. அதற்குத் தப்பு நடந்ததே தெரியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். பட்டியலிலுள்ள எல்லா எண்ணையும்விடப் பெரிய எண்ணைத் தேடினால், எந்த நடு வரியில் நின்றாலும் ‘இது சிறியது’ என்ற பதில்தான் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் பின்பக்கமே போய், அடி வரியில் போய் நிற்பான். பட்டியல் எவ்வளவு குழம்பிக் கிடந்தாலும் இது மாறாது. வாசகர் நாளை 750-க்கு 36 ரூபாய் என்று எட்டாவது வரியை அடியில் சேர்த்து, ஃபார்முலாவின் எல்லையையும் ஒரு வரி நீட்டினால், 6000 பையின் விலை ஒரே இரவில் 41-லிருந்து 36-க்கு மாறும். வைரஸ் என்று தோன்றாமல் என்ன செய்யும்?

இந்தக் குருட்டுத்தனத்தையே காசாக்கியவர்களும் உண்டு. ஒரு பத்தியில் கடைசியாகப் பதிந்த எண்ணை எடுக்க, எக்செல்லில் ஊறியவர்கள் பல காலமாக எழுதும் வரி:

```
=LOOKUP(9.99E+307,A:A)
```

தாளில் எங்கும் இருக்க வாய்ப்பில்லாத பிரம்மாண்ட எண்ணைத் தேடச் சொல்கிறார்கள். கடைசி எண்ணில் போய் நின்றாக வேண்டும், நிற்கிறது. வரிசை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஈரோட்டு வாசகருக்கு நஷ்டம் வைத்ததும் இந்த வித்தைதான்.

வரலாறு கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். பாதி பாதியாகத் தேடும் முறையைக் கணினிக்காக ஜான் மாக்லி 1946-ல் பென்சில்வேனியாவில் நடந்த மூர் பள்ளி விரிவுரைகளில் பேசினார். 1979-ல் வந்த விசிகால்க்கிலேயே ஏறுவரிசை கேட்கும் LOOKUP இருந்தது. 1983-ன் லோட்டஸ் 1-2-3 VLOOKUP என்ற பெயரைக் கொண்டுவந்தது. 1985-ல் மெக்கின்டாஷில் பிறந்த எக்செல் அந்தப் பரம்பரையின் வாரிசு. VLOOKUP-ன் நாலாவது இடத்தை எழுதாமலே விட்டால் இன்றும் அது TRUE என்றே எடுத்துக்கொள்கிறது. ஸ்லாப்பே இல்லாத சாதாரணப் பொருள் பட்டியலில் அதை எழுத மறந்தவர்களின் கதை தனி.

2019-ல் XLOOKUP அறிமுகமானபோது, பழைய தலைவலிகளெல்லாம் ஒழிந்தன என்று யூடியூபில் ஒரே திருவிழா. பாதி உண்மை. அதில் ஒன்றும் சொல்லாவிட்டால் அதே எண்ணைத்தான் தேடும். -1 என்று கேட்டு ஸ்லாப் தேடினால், ஒவ்வொரு வரியாகப் பார்த்து, வரிசை குலைந்திருந்தாலும் சரியாகவே எடுக்கும். ஆனால் வேகத்துக்காகக் கடைசி இடத்தில் 2 என்று போட்டால், பழைய கூரியர் பையனே புதுச் சட்டையில் வருகிறான். XLOOKUP எக்செல் 2019-லும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் இல்லை என்பதையும் அந்த வீடியோக்கள் சொல்வதில்லை.

இனி வைத்தியம். பட்டியலை ஏறுவரிசைக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை. ஒரு எச்சரிக்கை: எண்ணிக்கைப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால், பக்கத்துப் பத்தியையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கும். Expand the selection என்பதற்குச் சம்மதியுங்கள். மறுத்தால் எண்ணிக்கை மட்டும் நகர்ந்து விலை அங்கேயே நிற்கும். 250-க்கு நேரே 38 வந்து உட்காரும். அது முதல் நோயைவிட மோசம், ஏனென்றால் அதற்குப் பிறகு வரிசை சுத்தமாக இருக்கும், விலை மட்டும் பொய்யாக இருக்கும்.

இரண்டாவது, பட்டியலின் பக்கத்திலேயே ஒரு காவல் செல்:

```
=SUMPRODUCT(--(A3:A8<=A2:A7))
```

ஒவ்வொரு எண்ணையும் அதற்கு மேலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, ஏறாத இடங்களை இது எண்ணும். விடை 0 வர வேண்டும். வாசகரின் தாளில் 1 வரும்.

வரிசையை நம்பவே வேண்டாம் என்றால், எக்செல் 2019 முதல் இப்படி எழுதலாம்:

```
=VLOOKUP(MAXIFS($A$2:$A$8,$A$2:$A$8,"<="&E2),$A$2:$B$8,2,FALSE)
```

E2-ஐத் தாண்டாத எண்களில் பெரியதை MAXIFS எல்லா வரியையும் பார்த்து எடுத்துத் தரும். பிறகு FALSE அதே எண்ணைத் தேடும். வேகம் குறையும் என்பார்கள். ஏழு வரியில் என்ன வேகம்?

சோதிப்பதற்குச் சும்மா நாலு எண்ணைப் போட்டுப் பார்ப்பது போதாது, மேலே பார்த்தோம். ஒவ்வொரு ஸ்லாப்பும் தொடங்கும் எண்ணையும், எல்லாவற்றையும்விடப் பெரிய ஒரு எண்ணையும் போட்டுப் பாருங்கள்.

பழைய பில்களை என்ன செய்வது என்றும் வாசகர் கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் புரட்ட வேண்டாம். 1 முதல் 249 வரையும், 500 முதல் 4999 வரையும் போட்டவை சரி. சித்திரைக்குப் பிறகு 250 முதல் 499 வரை வாங்கியவர்களிடம் பைக்கு நாலு ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறீர்கள். ஐயாயிரத்தைத் தாண்டிக் கேட்டவர்களுக்குப் பைக்கு 13 ரூபாய் கூடுதலாகச் சொல்லியிருக்கிறீர்கள். தேடும் எண்ணே எதிரில் வந்தால் பையன் அங்கேயே நிற்பானா, பின்பக்கம் போவானா என்று மேலே பார்க்கவில்லை; அதனால் சரியாக 5000 கேட்டவர்கள் யாராவது இருந்தால், அந்த கொட்டேஷனை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்.